பேட்ச்சுக்கு 40 பேர், ஹாலுக்கு 127 பேர்: ஒரு குரூப் 4 கோச்சிங்கில் ஐந்து மாதம்

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு மையத்தில் குரூப் 4-க்கு ஐந்து மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். ஊர் திருமங்கலம், தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். கட்டணம் 14,000 ரூபாய், இரண்டு தவணை.

நோட்டீஸில் கொட்டை எழுத்தில் முதல் வரி, "பேட்ச்சுக்கு 40 பேர் மட்டுமே". பொய் என்று சொல்ல முடியாது, அதுதான் வேடிக்கை. 40 பேராக மூன்று பேட்ச் சேர்த்தார்கள், மூன்றையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள். மூன்றாவது வாரம் வருகைப் பதிவேடு என் கைக்கு வந்தபோது கடைசி எண் 127. மிச்ச ஏழு பேர் எந்தக் கணக்கு என்று கேட்கவில்லை. மூணு பேர் பெஞ்சில் நாலு பேர். தூணுக்குப் பின்னால் மாட்டினால் பாதி போர்டுதான் தெரியும். ஒன்பதரை வகுப்புக்கு எட்டே முக்காலுக்கே வந்து நோட்டைப் போட்டு இடம் பிடிப்போம்.

வாசல் பிளெக்ஸில் வரிசையாக வேலை வாங்கியவர்களின் முகங்கள். அதில் ஒரு அக்காவின் முகத்தைக் காளவாசலில் வேறொரு மையத்தின் பிளெக்ஸிலும் பார்த்திருந்தேன். நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்தில் ஒருநாள் அந்த அக்காவே எதிர் மேஜையில் இருந்தார். தயங்கித்தான் கேட்டேன். "ரெண்டு எடத்துலயும் டெஸ்ட் மட்டுந்தான் எழுதுனேன் பாப்பா. கிளாஸுக்கு ஒரு நாள்கூடப் போகல" என்றார். முழு வகுப்பும் உட்கார்ந்து தேறியவர்கள் எத்தனை பேர் என்று மறுநாள் கவுண்டரில் கேட்டால், "அத ஆபீஸ்ல கேளும்மா" என்றார் அங்கிருந்தவர். ஆபீஸ் என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது.

குறையாகவே சொன்னால் கணக்கு சாருக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எல்லோரும் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இவர் போர்டில் 8,000 ரூபாய், 5 சதவீதம், இரண்டு வருஷம் என்று மட்டும் எழுதினார். "மொத வருஷ வட்டி எவ்வளவு? 400. அந்த 400 உங்க கைக்கு வரல, அங்கிட்டே கெடக்கு. அதுக்கு அடுத்த வருஷம் வட்டி என்ன? 20. அந்த 20தான் வித்தியாசம், முடிஞ்சு போச்சு." பத்தாம் வகுப்பிலிருந்து கணக்கு என்றாலே ஓடிய எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பின் பெஞ்சுக்கே வந்து நோட்டைப் பார்ப்பார்.

ஆனால் குரூப் 4-இன் 200 கேள்வியில் கணக்கு வருகிற திறனறிவுக்கு 25தான். தமிழ் 100. தமிழில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அப்படிப்பட்ட தமிழுக்கு இங்கே வாரம் ஒரே வகுப்பு. அதிலும் மையம் அச்சடித்த கைடை ஒருவர் எழுந்து வாசிக்க, மற்றவர்கள் அடிக்கோடு போட வேண்டும். பள்ளிப் புத்தகத்தை யாரும் திறந்து நான் பார்க்கவில்லை. வரலாறு சுமார். நடப்பு நிகழ்வுகளுக்கு மாதம் ஒரு ஜெராக்ஸ் கட்டு, அவ்வளவுதான்.

"24 மணி நேர டவுட் கிளியரிங்" என்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும்! நேரில் கேட்கலாம் என்றால், வகுப்பு முடிந்ததும் சாரைச் சுற்றி முப்பது பேர் நிற்பார்கள். ஒரு டெஸ்ட்டில் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய சட்டத்திருத்தம் எந்த ஆண்டு என்று கேட்டிருந்தார்கள். கீயில் 1989. 1988 என்று போட்ட எனக்குத் தப்பு. காத்திருந்து கேட்டதற்கு, "கீயில இருக்கறத எழுதிக்கம்மா" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நூலகத்தில் நாங்களே தேடினோம். 61-ஆவது திருத்தச் சட்டம் 1988-ஐச் சேர்ந்தது, நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28. அதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு வருத்தம் இல்லை.

ஞாயிறு டெஸ்ட் நன்றாக இருக்கும். ஓஎம்ஆர் தாள், மூன்று மணி நேரம், எல்லாம் அசல் தேர்வு மாதிரியே. அதற்கு மட்டும் சேரலாம், தனியாக 2,500 ரூபாய்தான். கணக்கில் பலவீனமானவர்கள் கணக்கு சார் வகுப்பை மட்டும் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். முழு கோர்ஸுக்கு என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு நடக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

அப்படியும் சேருவதானால் டெமோ வகுப்பை நம்பாதீர்கள். அன்றைக்குக் கணக்கு சாரைத்தான் அனுப்புவார்கள். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லாமல் போய், தமிழ் வகுப்பில் பின் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.