பொங்கல் விழாத் தலைவர் உரை

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

இன்று விடியற்காலையில் பானை பொங்கியபோது குலவைச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்டதாம். ஊத்தான் மெலிந்தாங்கில் அந்தச் சத்தம் ஓயக்கூடாது.

மழை ஓயாமல் பெய்த நாளிலும் முழங்கால் சேற்றில் நின்று செம்பனைக் குலை வெட்டினீர்கள். உதிரிப்பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் கட்டிய அக்காமார்களின் கைகளை நான் பார்த்தேன். முள் கீறாத விரல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கைகளுக்குத்தான் என் முதல் நன்றி. தென்னை, காய்கறி போட்டவர்களுக்கும் அதே நன்றி.

சரி, அடுத்த பருவத்துக்கு வருவோம். முதல் வேலை பாரிட்டைத் தூர்வாருவது. வடிகால் தூர்ந்தால் வேர் மூச்சு முட்டும், போட்ட உரமும் தண்ணீரோடு போய்விடும். தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு, வீட்டுக்கு ஒருவர் சாங்குளோடு கோயில் வாசலுக்கு வாருங்கள். சாப்பாடு நம் செலவு.

எலிக்கு விஷம் வைப்பதைக் குறைத்து, எலி தின்னும் ஆந்தைகள் தங்கப் பெட்டிகள் வைக்கலாம் என்று இருக்கிறோம். முதலில் 6 பெட்டி. பலகை அறுத்துத் தர இளைஞர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் உரம். தனித்தனியாக வாங்காமல் சேர்ந்து வாங்கினால் லோரிக் கூலி மிச்சமாகும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பந்தலில் இருக்கும் செயலாளர் தங்கையிடம் சொல்லுங்கள்.

சர்க்கரைப் பொங்கல் சூடாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறுங்கள். நன்றி, வணக்கம்.