எந்தத் தவறுக்கு என்ன நடவடிக்கை: திருப்பூர் யூனிட் ஒழுங்கு அட்டவணை

2026 பிப்ரவரி 2 முதல் அமல். தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் கேட் அருகே ஒட்டப்படும்.

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என எல்லா செக்‌ஷன்களிலும் உள்ள 140 பேருக்கும் இது பொருந்தும். சூப்பர்வைசர், மேனேஜர்களும் இதில் அடக்கம். காண்ட்ராக்ட் ஆட்கள் மீது காண்ட்ராக்டர்தான் நடவடிக்கை எடுப்பார். ஆனால் இந்த அட்டவணையைத் தாண்டி அவரும் போகக் கூடாது.

இதுவரை லைனுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரே நாளில் பத்து நிமிடம் தாமதமாக வந்த இரண்டு பேரில் ஒருவர் மெஷினில் உட்கார்ந்தார், இன்னொருவர் கேட்டோடு வீட்டுக்குப் போனார். இனி அது கிடையாது. தவறு எந்த வகை, எத்தனையாவது முறை என்று பார்த்துத்தான் நடவடிக்கை.

| வகை | தவறுகள் | முதல் முறை | இரண்டாம் முறை | மூன்றாம் முறை |
|---|---|---|---|---|
| அ. லேசானது | மாதத்தில் மூன்று முறைக்கு மேல் தாமதம். சொல்லாமல் ஒரு நாள் லீவு. மெஷினில் இருக்கும்போது செல்போன். மேசையைச் சுத்தம் செய்யாமல் போவது | வாய்மொழி எச்சரிக்கை | எழுத்து எச்சரிக்கை | இறுதி எச்சரிக்கை |
| ஆ. நடுத்தரம் | சொல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராமல் இருப்பது. கட்டிங் மெஷினில் இரும்பு வலைக் கையுறை போடாமல் வெட்டுவது. அவசர வழியில் பண்டில் அடுக்குவது. கெட்ட வார்த்தையில் திட்டுவது | எழுத்து எச்சரிக்கை | இறுதி எச்சரிக்கை | சம்பளமில்லாமல் 4 நாள் வரை சஸ்பென்ஷன் |
| இ. கடுமையானது | அடுத்தவர் டோக்கனைப் பஞ்ச் செய்வது; பீஸ் கணக்கைத் திருத்துவது; உடைந்த ஊசியை மறைப்பது; குடித்துவிட்டு வேலைக்கு வருவது; சொல்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது | 4 நாள் வரை சஸ்பென்ஷன், இறுதி எச்சரிக்கை | ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம் அல்லது பணிநீக்கம் | பணிநீக்கம் |
| ஈ. மிகக் கடுமையானது | திருட்டு, அடிதடி, பாலியல் தொல்லை, சாதி, மொழி, ஊரைச் சொல்லி இழிவுபடுத்துவது, அவசர வழியைப் பூட்டுவது, லஞ்சம் வாங்கி ஆள் சேர்ப்பது | விசாரணையில் உறுதியானால் பணிநீக்கம் வரை | – | – |

அவசர வழியில் பண்டில் அடுக்குவது ‘ஆ’விலும் பூட்டுவது ‘ஈ’யிலும் ஏன் என்று கேட்டார்கள். பண்டிலை நகர்த்திவிட்டு ஓடலாம். பூட்டை என்ன செய்ய முடியும்? பூட்டுபவர் பெரும்பாலும் தையல்காரர் அல்ல, சாவி வைத்திருக்கும் மேலதிகாரி. அதனால் இந்த வரி முதலில் எங்களுக்குத்தான்.

ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சண்டை அதில்தான் அதிகம் வருகிறது. ஊசி உடைவது தவறே அல்ல. ஓவர்லாக்கில் தடித்த தையல் மேல் ஏறும்போது உடையத்தான் செய்யும். உடைந்ததும் மெஷினை நிறுத்தி, துண்டுகளைப் பொறுக்கி, ஊசிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவர் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, ஊசிப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மேசையின் பீஸ்கள் தனியே கட்டப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். அதில் வீணாகும் நேரத்துக்கு பீஸ் ரேட் ஆட்களுக்கு அன்றைய சராசரிப்படி கூலி உண்டு. முன்பு இது இல்லை. மறைத்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கூலி போய்விடும் என்றுதான் மறைத்தார்கள் என்பது எங்கள் கணிப்பு. இனி அந்தச் சாக்கு இல்லாததால், மறைப்பது ‘இ’ வகை. நாம் தைப்பதில் குழந்தை உடுப்பும் இருக்கிறது.

அபராதம் கிடையாது. சம்பளத்தில் 3 சதவீதம் வரை அபராதம் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் நாங்கள் பிடிக்கப் போவதில்லை. பத்து நிமிடம் தாமதமானால் பத்து நிமிடக் கூலிதான் குறையும், அரை நாள் வெட்டு இல்லை. ஆல்டர் வந்த பீஸுக்கும் காசு பிடிக்கக் கூடாது. அவரே பிரித்துத் தைத்துக் கொடுத்தால் போதும்.

எச்சரிக்கை ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்காது. வாய்மொழி எச்சரிக்கை 3 மாதம், எழுத்து எச்சரிக்கை 6 மாதம், இறுதி எச்சரிக்கை ஓராண்டு. அதற்குள் அதே வகைத் தவறு இல்லையென்றால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தானே வந்து ஒப்புக்கொண்டவருக்கு ஒரு படி குறைக்கலாம் (‘ஈ’ வகைக்கு இது இல்லை). தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் அதிகாரத்தைக் காட்டித் தவறு செய்தவருக்கு ஒரு படி கூடும்.

யார் எதுவரை போகலாம்: லைன் சூப்பர்வைசர் வாய்மொழியாக எச்சரிக்கலாம், அதையும் அன்றே நோட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எழுத்து எச்சரிக்கையும் இறுதி எச்சரிக்கையும் புரொடக்‌ஷன் மேனேஜர் கையால் வரும். “நாளையிலிருந்து வராதே” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. சொன்னால் அதுவே ‘ஆ’ வகைத் தவறு.

சஸ்பென்ஷனும் அதற்கு மேலும் என்றால் விசாரணை இல்லாமல் முடியாது. தவறு தெரிந்த 7 நாளுக்குள் குற்றச்சாட்டு மெமோ வரும். என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டப்படும். பதில் சொல்ல 5 வேலை நாள். பதில் சரியாக இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் வேறு செக்‌ஷனைச் சேர்ந்த ஒருவர் விசாரிப்பார். துணைக்கு உடன் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டி வரலாம், சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். பணிநீக்கம்தான் முடிவு என்றால் அதற்கு முன் தண்டனையின் அளவைப் பற்றி மறுபடியும் விளக்கம் கேட்கப்படும்.

விசாரணை முடியும்வரை ஒருவரை வெளியே நிறுத்தி வைப்பது தண்டனை அல்ல. அந்தக் காலத்துக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக உண்டு. அதற்கு மேலும் விசாரணை இழுத்து, அந்தத் தாமதத்துக்கு அவர் காரணமாக இல்லையென்றால் முக்கால் சம்பளம். குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதியும் சேர்த்துக் கொடுக்கப்படும்.

பாலியல் தொல்லைப் புகார் இந்த வழியில் வராது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் ஒருவர் தலைமையிலான உள்ளகக் குழு விசாரிக்கும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும், எழுத முடியாதவருக்குக் குழுவே எழுதித் தரும். விசாரணைக்கு 90 நாள். பணம் கொடுத்து ராஜி பேச வருபவர் சூப்பர்வைசராக இருந்தாலும் சரி, ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி, உள்ளே விடப்பட மாட்டார்.

இவை தவறே அல்ல: ஒன்றரை ஷிப்ட் பார்க்க மாட்டேன் என்பது, பாதுகாப்பு மூடி இல்லாத மெஷினில் உட்கார மறுப்பது, பாத்ரூம் போவது, சங்கத்தில் சேருவது, பையரின் ஆடிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது, தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதுவது. இதற்காக யாராவது மெமோ கொடுத்தால் அதைக் கிழிக்க வேண்டாம், நேரே ஹெச்.ஆர். அறைக்குக் கொண்டு வாருங்கள்.

எந்த உத்தரவையும் எதிர்த்து 15 நாளுக்குள் முதலாளியிடம் மேல்முறையீடு செய்யலாம். 30 நாளில் எழுத்தில் பதில் வரும், தண்டனை அதில் குறையலாம், அதிகமாகாது. பணிநீக்கம் ஆனவருக்கும் வேலை செய்த நாளுக்கான கூலி இரண்டு வேலை நாளில் கைக்கு வந்துவிடும். பி.எஃப். பணத்தை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமையில்லை.

சந்தேகம் இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹெச்.ஆர். அறைக்கு வரலாம். ஊசிப் பதிவேடும் எச்சரிக்கை நோட்டும் அங்கேதான் இருக்கின்றன. அவரவர் பக்கத்தை அவரவர் பார்க்கலாம்.

– நிர்வாகம்