லிஃப்ட் பழுது: சரிசெய்யும் தேதி கேட்டு

நங்கநல்லூர், சென்னை
24.11.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்றாம் மாடி எஃப்-2 வீட்டிலிருந்து சரவணன் எழுதுகிறேன். இம்மாதம் 3ஆம் தேதி இரவு மழையில் லிஃப்ட் நின்றது. மறுநாளே உங்களுக்கு போனில் சொன்னேன், மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னீர்கள், அவரும் வந்து பார்த்தார். குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டார். ஆனால் கன்ட்ரோலர் போர்டு போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும், கொட்டேஷனை ஓனருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்தான். அதன் பிறகு யாரும் வரவில்லை. வாட்ச்மேனைக் கேட்டால் "சார் பார்த்துட்டு இருக்கார்" என்கிறார். நீங்கள் கோவையில் இருப்பதால் இங்குள்ள நிலைமை முழுதாகத் தெரிந்திருக்காது என்றுதான் இதை எழுத்தில் அனுப்புகிறேன்.

இளவட்டங்களுக்கு இது வெறும் மூச்சிரைப்பு. பெரியவர்கள் பாடுதான் திண்டாட்டம். நான்காம் மாடித் தாத்தாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் வாட்ச்மேன், பின்னால் ஆட்டோக்காரர் என்று தூக்கி இறக்குகிறோம். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி நேராகத் திரும்பாது, சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். அந்த ஒரு நிமிஷம் தாத்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்கிறார். போகும்போதாவது பரவாயில்லை. டயாலிசிஸ் முடிந்து துவண்டு திரும்பும்போது அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் எதிர்வீட்டு மாமி மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர். லிஃப்ட் நின்றதிலிருந்து வாசலுக்கு இறங்கவே இல்லை. சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறவர், இப்போது பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கிக் கீரை வாங்குகிறார். பிசியோதெரபிக்கு வெளியே போக முடியாததால் அதுவும் நின்றுவிட்டது. தண்ணீர் கேன் போடுகிற பையன் மாடி ஏற மாட்டேன் என்று கேட்டருகிலேயே வைத்துவிட்டுப் போகிறான். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடுகளுக்கு நாங்கள் மாற்றி மாற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. லிஃப்ட் முதல் மாடியில் நிற்கிறது. மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை, இழுத்தால் திறந்துகொள்கிறது. உள்ளே வெறும் குழி. போன வாரம் ஒரு சிறுவன் விளையாட்டாகத் திறந்துவிட்டான், நல்லவேளை அவன் அம்மா பின்னாலேயே நின்றார். இப்போதைக்கு சைக்கிள் செயின் போட்டுப் பூட்டியிருக்கிறேன், சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் பார்வை மங்கிய பெரியவர்கள் இருக்கிற கட்டடத்தில் சைக்கிள் செயினை நம்பி இருக்க முடியாது. போர்டு வர நாளானாலும், இந்தப் பூட்டை மட்டும் நாளையே ஆள் அனுப்பிச் சரிசெய்யுங்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒரு தேதி. கொட்டேஷனுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டீர்களா, அட்வான்ஸ் போய்விட்டதா, போர்டு என்றைக்கு வரும் என்று கம்பெனி சொல்கிறது, பொருத்தி சோதனை ஓட்டம் முடிந்து லிஃப்ட் எந்தத் தேதியில் ஓடும் என்று வருகிற வெள்ளிக்கிழமை, 28ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். டயாலிசிஸ் நாட்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யவும், மாமியின் பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே வரவழைக்கவும் அது தெரிந்தாக வேண்டும். ஏ.எம்.சி. புதுப்பிக்காததால்தான் தாமதம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாதாமாதம் வீட்டுக்கு 1,800 ரூபாய் பராமரிப்பு கட்டுகிறோம், அதில் லிஃப்டுக்கும் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. செலவு கூடுதலாகி ஏதாவது பேச வேண்டியிருந்தால் தனியாக உட்கார்ந்து பேசலாம். அந்தப் பேச்சு முடியட்டும் என்று வேலையை நிறுத்திவைக்க வேண்டாம்.

போர்டு மாற்றும்போதே குழிக்குள் மழைத்தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதை அடைக்காமல் புது போர்டு போட்டால் அடுத்த மழைக்கு இதே கதைதான். வடகிழக்குப் பருவமழை இன்னும் முடியவில்லை.

அதுவரை இரண்டு சின்ன உதவிகள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் டியூப்லைட் எரியவில்லை, அங்கே கைப்பிடிக் கம்பியும் ஆடுகிறது. ஒரு எலக்ட்ரீஷியனும் வெல்டரும் அரை நாளில் முடித்துவிடுவார்கள். நீங்கள் சரி என்று சொன்னால் நானே ஆள் வைத்துப் பார்த்துவிட்டு, பில்லை உங்களுக்கு அனுப்பி வாடகையில் கழித்துக்கொள்கிறேன். மாடிக்கு ஒரு ஸ்டூல் நாங்களே போட்டுவிட்டோம், வழியை மறைக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

லிஃப்ட் கம்பெனிக்காரரிடம் நான் நேரடியாகப் பேசட்டுமா? அவர் எண்ணை அனுப்பினால் தினமும் நானே தொடர்ந்து கேட்கிறேன், உங்களுக்கும் அலைச்சல் குறையும். இந்தக் கடிதத்தை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் காட்டிவிட்டேன், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சரவணன்
எஃப்-2, மூன்றாம் மாடி
மற்றும் குடியிருப்போர் அனைவரும்

இணைப்பு: மூன்றாம் மாடி லிஃப்ட் கதவு, ஆடுகிற கைப்பிடிக் கம்பி ஆகியவற்றின் புகைப்படங்கள்