எம்டன் ஆவணப்படம்: தேதி வரிசையும் சரிபார்க்க வேண்டியவையும்

அண்ணா, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைப் பற்றிய 47 நிமிடப் படத்தை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். முன்னால் போட்டிருப்பது அந்தச் செய்தி படத்தில் வரும் இடம் (நிமிடம்:நொடி). படம் முன்னும் பின்னும் தாவுகிறது. நான் நாள் வரிசையில் அடுக்கியிருக்கிறேன். எல்லாம் 1914.

06:10 – ஆகஸ்ட் 4. ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவிப்பு.

11:45 – செப்டம்பர் 10. வங்காள விரிகுடாவில் எம்டன் முதல் கப்பலைப் பிடிக்கிறது.

02:20, 19:05 – செப்டம்பர் 22, இரவு 9.30 வாக்கில். கேப்டன் ஃபான் முல்லர் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பர்மா எண்ணெய்க் கம்பெனி தொட்டிகள் மீது குண்டு வீசுகிறார். 19:05-ல் “வெள்ளிக்கிழமை” என்கிறார்கள். தப்பு, அன்று செவ்வாய். 21:30-ல் எழுத்து “23” என்று காட்டுகிறது. கூடவே வருவது மறுநாள் பேப்பர். பேப்பரின் தேதியைத்தான் சம்பவத்துக்குப் போட்டுவிட்டார்கள் போல.

33:40 – அக்டோபர் 28. பினாங்கில் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடிக்கிறது.

38:15 – நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் வீழ்கிறது.

இனி சரிபார்க்க வேண்டியவை. பெரிய தலைவலி 24:30. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை கப்பலிலேயே இருந்தார் என்று மூன்று பேர் சொல்கிறார்கள். மூவருமே “என்பார்கள்” என்றுதான் முடிக்கிறார்கள். ஒருவரும் ஆதாரம் காட்டவில்லை. படமே 14:00-ல் அவர் அந்த ஆண்டு சூரிக்கில் இந்திய விடுதலைக் குழு நடத்தியதாகச் சொல்கிறது. கப்பலோ சீனக் கரையிலிருந்து வந்தது. அப்படியென்றால் எங்கே ஏறினார்? எம்டனின் துணைத் தளபதி ஃபான் மியூக்கே நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறார். அதில் பிள்ளையின் பெயர் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவரை நம் வீடியோவில் இதை “நம்பப்படுகிறது” என்றுகூடப் போட வேண்டாம்.

குண்டுகள் எத்தனை? 19:50-ல் 125, 41:00-ல் 130. இரண்டும் பல இடங்களில் அடிபடும் எண்கள்தான், ஆனால் ஒரே படத்தில் இரண்டும் வரக் கூடாது. இறந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கரையில் இருந்தவர்களா கப்பலில் இருந்தவர்களா என்பதும் படத்தில் குழப்பமாக இருக்கிறது.

20:40-ல் எரியும் தொட்டிகளின் காட்சி: எந்த ஊர், எந்த வருடம் என்ற குறிப்பு இல்லை. அது தெரியாமல் அந்தத் துண்டை எடுக்காதீர்கள்.

22:15-ல் “உயர்நீதிமன்றத்தைக் குறிவைத்தார்கள்” என்கிறார்கள். மதில் சுவரில் குண்டு விழுந்ததற்குக் கல்வெட்டு உண்டு. ஆனால் குண்டு விழுந்ததும் குறிவைத்ததும் ஒன்றல்ல. கல்வெட்டு வாசகத்தை நேரில் போய்ப் படம் பிடித்து வருகிறேன்.

44:30: “சரியான எம்டன்” என்று நாம் சொல்வது இந்தக் கப்பலால் வந்த வழக்கு. எங்கள் ஆயாவும் அப்படித்தான் சொல்லும், சந்தேகமில்லை. ஆனால் “அந்த வாரமே மக்கள் பேச ஆரம்பித்தார்கள்” என்ற வரிக்கு அச்சில் பழைய சான்று வேண்டும்.

வியாழக்கிழமை எழும்பூர் கன்னிமாராவில் செப்டம்பர் 23 முதல் 30 வரையிலான இந்து, சுதேசமித்திரன் இரண்டையும் கேட்டுப் பார்க்கிறேன். கிழமையை மட்டும் இன்றே ஸ்கிரிப்ட்டில் திருத்திவிடுங்கள்.