விசா விண்ணப்பத்துக்குப் பணிச் சான்றுக் கடிதம் வேண்டி (பிப்ரவரி 26, வியாழன் மாலைக்குள்)

மண்டபம்
16-02-2026

மதிப்பிற்குரிய மேனேஜர் சாருக்கு,

வணக்கம். சனிக்கிழமை லோடு ஏற்றும்போது வாய்வார்த்தையாகச் சொன்னதை இப்போது முறையாக எழுதிக் கேட்கிறேன். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். அம்மாவை அழைத்துக்கொண்டு போய், கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பக் கூட்டி வர வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மதுரைக்கு அப்பால் தனியாகப் போனதும் கிடையாது. அதனால் நானும் போக வேண்டியிருக்கிறது. இருவருக்கும் உறவினரைப் பார்த்துவரும் வகை ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறோம். என் விண்ணப்பத்தோடு கம்பெனி தரும் பணிச் சான்றுக் கடிதம் ஒன்றும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வைக்க வேண்டும்.

இரண்டும் பிப்ரவரி 26, வியாழன் மாலைக்குள் என் கையில் கிடைத்தால் நல்லது. தேதியை இவ்வளவு இறுக்கிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாளி 27-ஆம் தேதி தூத்துக்குடி கிளம்புகிறார், திரும்ப ஒரு வாரமாகும் என்று சொன்னீர்கள். கச்சத்தீவு திருவிழாவும் நெருங்குகிறது. அந்தச் சமயத்தில் ஆபீஸில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். எங்களுக்குச் சென்னை விசா மையத்தில் மார்ச் 10, செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. முந்தின நாள் மாலை போட் மெயிலில் ஏறுகிறோம். அதைத் தள்ளிப் போடவும் முடியாது. விசா முடிவு பொதுவாகப் பதினைந்து நாளில் வந்துவிடும், ஆனால் சந்தேகம் வந்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு விதி இருக்கிறது. மார்ச் 10-லிருந்து 45 நாள் எண்ணினால் ஏப்ரல் 24. நாங்கள் விமானம் ஏற நினைத்திருப்பதும் அதே நாள்தான். அதாவது ஏற்கெனவே விளிம்பில்தான் நிற்கிறோம்.

கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் மாற்றி வாங்க நாள் வேண்டும். அதற்காகத்தான் கடைசி நேரத்தில் கேட்காமல் பத்து நாள் முன்னாலேயே கேட்கிறேன்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நம் கம்பெனி லெட்டர்ஹெட்டில், ஒரே பக்கத்தில் வந்தால் போதும். அலமாரியில் பாம்பன் விலாசம் போட்ட பழைய கட்டு இன்னும் கிடக்கிறது, அதை எடுத்துவிட வேண்டாம். மண்டபம் விலாசமும் எம்பிடா பதிவு எண்ணும் உள்ள புதிய தாள்தான் வேண்டும். கீழே முதலாளியோ நீங்களோ பேனாவால் கையெழுத்துப் போட்டு, பெயர், பதவி, தேதி, கம்பெனி ரவுண்டு சீல் எல்லாம் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த கையெழுத்தை ஒட்டிய பிரிண்ட் அவுட் என்றால் சந்தேகப்படுவார்கள் என்கிறார்கள். ஒரிஜினல் ஒன்று, எனக்கு ஒரு நகல். மூன்று சம்பளச் சீட்டிலும் (நவம்பர், டிசம்பர், ஜனவரி) சீல் இருக்கட்டும்.

பெயர் விஷயம் கொஞ்சம் கவனிக்க வேண்டும் சார். நம் மஸ்டர் ரோலில் எஸ். அந்தோணி என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, அப்பா பெயர் முழுதாகச் சர்நேம் இடத்தில் இருக்கிறது. அதனால் கடிதத்தில் ANTONYRAJ SOOSAIMANICKAM என்றே வர வேண்டும். T-க்குப் பிறகு H கிடையாது. சம்பளச் சீட்டில் பழைய பெயர்தான் வரும், அதை இப்போது மாற்ற முடியாது. அதனால் எஸ். அந்தோணி என்று கம்பெனிப் பதிவேட்டில் இருப்பவரும் இவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

சேர்ந்த தேதியாக 01-07-2019 போடுங்கள். அதற்கு முன் இரண்டு வருஷம் தினக்கூலியாக நண்டு லைனில் நின்றது எனக்கும் உங்களுக்கும் தெரியும், ஆனால் பி.எஃப். கணக்கு தொடங்கியது 2019-ல்தான். தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான் அங்கே முக்கியம்.

சம்பளமும் அப்படித்தான். மொத்தச் சம்பளம் 28,000, பி.எஃப். 1,800 போக 26,200 வங்கிக்கு வருகிறது. சீசனில் கையில் தரும் ஓவர்டைமைச் சேர்க்க வேண்டாம், வங்கி ஸ்டேட்மென்டில் அது இருக்காது. சனிக்கிழமை முதலாளி சிரித்துக்கொண்டே, “நாற்பதாயிரம்னு போட்டுத் தர்றேன்டா, கௌரவமா இருக்கும்” என்றார். அன்பாகச் சொன்னார், நன்றி. ஆனால் கடிதத்தில் நாற்பது, வங்கியில் இருபத்தாறு என்றால் விசா அங்கேயே நின்றுவிடும். கம்பெனி பெயருக்கும் நல்லதில்லை. தங்கையே அவள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்த பத்திரம் அனுப்பிவிட்டாள். ஆகவே என் சம்பளம் பெரிதாகத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. நான் வேலையில் இருக்கிறேன், லீவு கொடுத்திருக்கிறீர்கள், திரும்பி வந்து சேருவேன் என்பது தெரிந்தால் போதும்.

முதலாளிக்கு ஒரு தயக்கம் இருக்கலாம். முன்பு ஒருவர் இப்படிக் கடிதம் வாங்கிக்கொண்டு போய் அங்கேயே தங்கிவிட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இது கம்பெனி எனக்கு ஜாமீன் நிற்கும் கடிதம் இல்லை, செலவுக்கோ என் நடத்தைக்கோ கம்பெனி பொறுப்பேற்பதாக ஒரு சொல்கூட அதில் கிடையாது. இன்னொன்று, நாங்கள் கேட்பது வேலை விசா இல்லை, அதை வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்க்கவும் முடியாது. மனைவியும் பிள்ளைகளும் தங்கச்சிமடத்தில்தான் இருக்கிறார்கள். பெரியவனுக்கு ஜூனில் ஸ்கூல் திறக்கிறது. நம்ம கணவாய் பெட்டி பெட்டியாகப் போய் இறங்கிய கண்டத்தை நான் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.

லீவு ஏப்ரல் 22 முதல் மே 17 வரை கேட்கிறேன், மே 18 திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு நண்டும் கொஞ்சம் கணவாயும்தான் வரும், அதைப் பேக்கிங் மேஸ்திரி அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். படகு கிளம்புவதற்கு நாலு வாரம் முன்னாலேயே நான் வந்துவிடுவதால் லைன் கழுவுவது, ஃப்ரீசர் சர்வீஸ், ஆள் எடுப்பது எல்லாம் வழக்கம்போல என் பொறுப்பு. ஈட்டிய விடுப்பு போக மீதி நாளைச் சம்பளம் இல்லா விடுப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு கடிதத்தில் வர வேண்டாம், லீவு அனுமதிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தால் போதும்.

உங்களுக்கு வேலை குறையட்டும் என்று கடிதத்தை ஆங்கிலத்தில் அடித்து இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். முதலாளி படித்துப் பார்க்க, அதில் இருப்பதைத் தமிழில் அப்படியே கீழே தருகிறேன்:

தேதி: 25-02-2026
விசா பிரிவு அதிகாரி அவர்களுக்கு,
ஜெர்மன் தூதரகம், இந்தியா.
பொருள்: திரு. அந்தோணிராஜ் சூசைமாணிக்கம் – பணி மற்றும் விடுப்புச் சான்று

திரு. அந்தோணிராஜ் சூசைமாணிக்கம் எங்கள் கடல் உணவு பதப்படுத்தும் நிறுவனத்தின் மண்டபம் ஆலையில் 01-07-2019 முதல் நிரந்தரப் பணியாளராக, உற்பத்தி மேற்பார்வையாளர் பதவியில் பணிபுரிந்து வருகிறார். எங்கள் பதிவேடுகளில் எஸ். அந்தோணி என்று குறிக்கப்பட்டிருப்பவரும் இவரே. இவருடைய மாத மொத்த ஊதியம் ரூ.28,000. வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் போக ரூ.26,200 இவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது.

ஜெர்மனியில் வசிக்கும் தம் சகோதரியைத் தாயாருடன் சென்று பார்த்துவர 22-04-2026 முதல் 17-05-2026 வரை இவருக்கு விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. 18-05-2026 அன்று இவர் இதே பதவியில் மீண்டும் பணிக்குத் திரும்புவார். இந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு நிறுவனத்தின் தரப்பில் ஆட்சேபம் இல்லை.

இச்சான்று பணியாளரின் வேண்டுகோளின்பேரில், விசா விண்ணப்பத்துக்காக மட்டும் வழங்கப்படுகிறது. விவரங்களைச் சரிபார்க்க, இத்தாளில் உள்ள அலுவலகத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தொடர்புகொள்ளலாம்.

இவ்வளவுதான் கடிதம். கையெழுத்திடுபவருடைய பெயரும் பதவியும் அதற்குக் கீழே வரும். தேதியை 25 என்று போட்டிருக்கிறேன், வேறு நாளில் கையெழுத்தானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

போன் விஷயம் ஒன்று பாக்கி. தூதரகத்திலிருந்து எப்போதாவது கூப்பிட்டு, இப்படி ஒருவர் வேலை பார்க்கிறாரா என்று கேட்பதுண்டு. லெட்டர்ஹெட்டில் உள்ள லேண்ட்லைன் மழைக்குப் பிறகு பாதி நாள் செத்துக் கிடக்கிறது. அதனால் அதன் பக்கத்தில் உங்கள் ஆபீஸ் செல் எண்ணையும் அடித்துவிடுங்கள். ஆபீஸில் போன் எடுக்கும் தங்கச்சியிடம், அந்தோணிராஜ் என்று கேட்டால் அது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இங்கே எல்லோருக்கும் நான் அந்தோணி அண்ணன்தான், அந்தப் பிள்ளை பழக்கத்தில் “அப்படி யாரும் இல்லையே” என்று சொல்லிவிடப் போகிறது.

அட்டாச்மென்டில் கடித மாதிரி, என் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா மையத்தின் அப்பாயின்ட்மென்ட் சீட்டு ஆகியவை இருக்கின்றன. ஏதாவது மாற்ற வேண்டுமென்று முதலாளி நினைத்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், நானே திருத்திக் கொண்டுவருகிறேன். லெட்டர்ஹெட் தாள் கொடுத்தால் உச்சிப்புளியில் பிரிண்ட் எடுத்து வருவதும் என் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் மாடிக்கு வருவேன்.

இப்படிக்கு,
அந்தோணிராஜ்
உற்பத்தி மேற்பார்வையாளர், நண்டு – கணவாய் பிரிவு