கண்ணுக்கு, இருபத்தொன்பதரை மணி நேரப் பிறந்த நாள் வாழ்த்து

கண்ணு,

பிறந்த நாள் வாழ்த்துகள். ஏற்காட்டில் ஜனவரி 10 பிறந்துவிட்டது. லீட்ஸில் உனக்கு இன்னும் 9-ஆம் தேதி சாயங்காலம் ஆறரை மணி. குளித்து முடித்து, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து, நைட் ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். "நாளைக்குத்தானே மாமா என் பிறந்த நாள்" என்று சொல்லாதே. நீ பிறந்தது சேலத்தில். உனக்கு வயது ஏறுவதும் சேலத்துக் கடிகாரப்படிதான். அதனால் இந்த நிமிடத்திலிருந்து நீ பிறந்த நாள்காரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உனக்குத் தெரிந்தால் போதும்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே 10-ஆம் தேதி பிறந்ததிலிருந்து அங்கே 10-ஆம் தேதி முடியும்வரை இருபத்தொன்பதரை மணி நேரம். உன் நள்ளிரவு எனக்கு 11-ஆம் தேதி விடிகாலை ஐந்தரை. அது வரைக்கும் இந்த நாள் உன்னுடையது. வெளிநாடு போனவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் நேரம் பறிபோனதையே சொல்கிறார்கள். உன் பிறந்த நாளுக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு நிமிடத்தையும் நான் விடப்போவதில்லை.

என் கைக்கடிகாரம் உனக்கு நினைவிருக்கும், முள் வைத்த பழைய கடிகாரம். போனிலேயே இரண்டு ஊர் நேரமும் காட்டும், அதில் பார்த்துக்கொள்ளுங்க என்று நீ சொன்னாய். வேண்டாம். உங்கள் ஊரில் குளிர்காலக் கணக்கு ஓடும் வரை இதைத் தலைகீழாகப் பிடித்தால் லீட்ஸ் நேரம் வந்துவிடுகிறது. இங்கே பன்னிரண்டு, திருப்பினால் ஆறரை. சின்ன முள் மட்டும் அரை இடம் பின்னால் நிற்கும், அதை நான் மனதுக்குள் தள்ளிக்கொள்வேன். மார்ச் கடைசி ஞாயிறு நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் இது செல்லாது. அதற்குள் நம் இருவருக்கும் நடுவே தூரம் நாலரை மணியாகக் குறைந்திருக்கும், அதனால் எனக்கு வருத்தமில்லை. இப்போதைக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கையைத் திருப்புகிறேன் என்று எனக்கே தெரியாது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அக்காக்கள் கவனித்துவிட்டார்கள். "அம்மிணிக்கு இப்ப என்ன மணி சார்?" என்று அவர்களே கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் "தூங்கட்டும், போன் போடாதீங்க" என்று எனக்குக் கட்டளையும் வந்துவிடுகிறது.

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது உன் இரவு இரண்டு மணி. வார்டில் எல்லாரும் தூங்கி, நீ பிரேக் எடுத்து, ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறக்கும் நேரம் எனக்குக் காலை ஏழரை. ஆட்கள் எட்டு மணிக்கு வருவதற்கு முன்னால் நான் தட்டில் இட்லியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்காருவேன். உனக்கு அது நடுராத்திரிச் சாப்பாடு, எனக்குக் காலைப் பலகாரம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வாயில் போடுகிறோம். ஒரே வீட்டில் இருந்தபோது நமக்கு இது வாய்த்ததா? உனக்கு ஆஸ்பத்திரி ஷிஃப்ட், எனக்கு எஸ்டேட். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இப்போது சில இரவுகளில் நாம் போனில் இருக்கும்போதே ஒரு படுக்கையிலிருந்து மணி அடித்து, நீ டப்பாவை மூடி வைத்துவிட்டு ஓடுவாய். அப்போது நானும் தட்டைத் தள்ளி வைத்துக் காத்திருக்கிறேன். நீ வந்து "சாப்பிடுங்க மாமா" என்று சொன்ன பிறகு எடுப்பேன். ஆறிய இட்லி ஒன்றும் மோசமில்லை.

இன்றைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேள். முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவும் பனிக்குள் இருக்கும். அடிவாரம் வந்ததும்தான் சட்டைக்கு மேல் போட்ட ஸ்வெட்டரைக் கழற்ற முடியும். நேராகக் கோட்டை மாரியம்மன் கோவில். உன் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை. அங்கிருந்து அம்மாப்பேட்டை, உங்கள் வீடு. அத்தை ஜவ்வரிசிப் பாயசம் வைக்கிறார்கள். பால் குறைவாக, ஏலக்காய் தூக்கலாக, நீ கேட்கும் விதத்திலேயே வைப்பதாக நேற்றே போனில் சொல்லிவிட்டார்கள். உனக்கு ஒரு டம்ளர் தனியாக எடுத்து வைப்பார்களாம், அதையும் நான்தான் குடிக்க வேண்டுமாம். உங்க அப்பா தறியை இன்றைக்கு நிறுத்திவிடுவார். காரணம் கேட்டால் "நூல் வரவில்லை" என்பார். உன் பிறந்த நாளில் எப்போதுமே நூல் வராது, கவனித்திருக்கிறாயா?

நீ ட்யூட்டி முடித்து வெளியே வரும்போது இங்கே மதியம் ஒரு மணி. அங்கே ஏழரை, இன்னும் இருட்டு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து நீ திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கி எழும்போது நாலு மணியாகி, வெளிச்சம் போயிருக்கும். அப்படியானால் உன் பிறந்த நாளின் வெயிலை நீ பார்க்கவே போவதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இன்றைக்கு முழுக்க வெயிலைப் படம் எடுத்து அனுப்பப்போகிறேன். எந்தப் படத்துக்கும் பதில் போட வேண்டாம், தூங்கு. அம்மாப்பேட்டை வாசல், அத்தையின் கோலம், தறிக்கொட்டகைக்குள் ஓட்டுச் சந்து வழியாக விழும் கோடு, சாயங்காலம் திரும்பி மேலே வந்ததும் களத்தில் காயும் காப்பிக்கொட்டை. எழுந்ததும் படுக்கையிலேயே வரிசையாகப் பார். உன் நாள் இங்கே எப்படிக் காய்ந்தது என்று தெரிந்துகொள்.

காப்பி என்றதும் பார்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்துவிட்டது, நீ பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்பதும் தெரியும். அதில் இருக்கும் காப்பி நம் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருக்கும் அரபிகா. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் வரிசைக்கு அடியில், நீ நாற்காலி போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்த இடம். ஓஇடி பரீட்சைக்கு நீ சத்தமாக ஆங்கிலத்தில் பேசிப் பழகியதை அந்தச் செடிகள்தான் அதிகம் கேட்டிருக்கின்றன. கார்த்திகையில் பழுத்ததை நானே பறித்தேன். கருஞ்சிவப்பாக இருந்ததை மட்டும் எடுத்து, பாதி பச்சையாக இருந்ததைச் செடியிலேயே விட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, இரவு ஊற வைத்து, பிசுபிசுப்புப் போகக் கழுவினேன். களத்தில் மற்ற கொட்டையோடு கலந்துவிடாமல் ஒரு மூலையில் தனியாகப் பரப்பினேன். வெயில் வந்தால் கிளறுவது, பனி இறங்கினால் மூடுவது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க நீ ஒரு கொட்டையைப் பல்லில் கடிப்பாய், கடினமாகத் தெறித்தால்தான் ஒப்புக்கொள்வாய். இந்த முறை உனக்காக நான் கடித்துப் பார்த்தேன். தெறித்தது.

சிக்கரி ஒரு துளியும் இல்லை. பொடியாக அனுப்பினால் வாசம் வழியிலேயே போய்விடும் என்று முழுக்கொட்டையாக வறுத்து, கையால் சுற்றும் சின்ன அரவை மிஷினும் வைத்திருக்கிறேன். பித்தளை ஃபில்டர் உங்கள் பாட்டியுடையது. அத்தை புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். முதல் டிகாஷனை நீ தனியாகக் குடிக்கக் கூடாது. உனக்கு விடிகாலையிலோ எனக்கு நடுராத்திரியிலோ, எப்போது போட்டாலும் கூப்பிடு. நானும் அதே கொட்டையில் இங்கே போட்டுக்கொண்டு வருகிறேன்.

நேற்று ராத்திரி லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் வரை நடந்து போனேன். பனி விலகியிருந்தது. கீழே சேலம் முழுக்க விளக்கு. கல்யாணமான புதிதில் அங்கே நின்றுகொண்டு "எங்க வீடு எதுன்னு காட்டுங்க" என்றாய். நான் ஏதோ ஒரு வெளிச்சத்தைக் கையால் காட்டினேன், நீ அதற்குக் கையை ஆட்டினாய். ஜங்ஷன் பக்கம் எது, ஐந்து ரோடு எது என்று இப்போது எனக்குச் சரியாகத் தெரியும். அம்மாப்பேட்டையும் தெரியும். மே மாதம் லீவில் நீ வரும்போது சரியான இடத்தைக் காட்டுகிறேன். சேர்வராயன் கோவில் திருவிழாவும் அந்த மாதம்தான். குகைக்குள் குனிந்து போக வேண்டும், வெள்ளை யூனிபார்ம் இல்லாமல் நீ பட்டுச் சேலையில் குனிந்து போவதை நான் பார்க்க வேண்டும்.

உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் "போதும் மாமா" என்று நிறுத்திவிடுவாய், அதனால் எழுதுகிறேன். போன வாரம் ஒரு பாட்டி தூங்காமல் பயந்துகொண்டிருந்தார்கள் என்றும், உன் ஷிஃப்ட் முடிந்த பிறகும் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்றும் சொன்னாய். அன்றைக்கு எனக்கு வரவேண்டிய போன் தள்ளிப்போனது. நான் எதிர்பார்த்தேன், உண்மைதான். ஆனால் காரணத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாஷை பழகாத ஊரில், தனியாகப் போய், அந்தக் குளிரில், யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு நீ மகளாக இருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொண்டதில் எனக்கு இருக்கும் பெருமையை இந்த மலையில் யாரிடம் சொன்னாலும் நம்புவார்கள், ஏனென்றால் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

இந்த வயதில் உனக்கு நல்ல தூக்கம் கிடைக்கட்டும். முதுகு வலி குறையட்டும். பகல் ஷிஃப்ட் அடிக்கடி வரட்டும், நம் இரண்டு மணிச் சாப்பாடு போனாலும் பரவாயில்லை, வேறு நேரம் கண்டுபிடித்துக்கொள்வோம். நீ ஆசைப்பட்ட ஐசியூ பயிற்சியில் இடம் கிடைக்கட்டும். சேர்ந்து இருக்கும் நாளும் வரும். அது இங்கேயா அங்கேயா என்பதை மே மாதம் எதிரெதிராக உட்கார்ந்து முடிவு செய்வோம். எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்பதை மட்டும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

சரி, மணியாகிறது, பஸ்ஸைத் தவற விடாதே. கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொள். பார்சலில் காப்பிக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கியது. ட்யூட்டிக்குப் போட முடியாது, வீட்டில் நடக்கும்போது போட்டுக்கொள். அதை மட்டும் நான் வீடியோவில் இருக்கும்போது பிரி. கொலுசு சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

உன்
மாமா