வாட்டர்ப்ரூஃப் என்று விற்ற ஜாக்கெட் ஒழுகுகிறது: பணத்தைத் திருப்பித் தரவும்

நாகமலை புதுக்கோட்டை, மதுரை
30 அக்டோபர் 2025

பெறுநர்: கடை உரிமையாளர் அவர்கள், டவுன் ஹால் ரோடு, மதுரை

ஐயா, வணக்கம்.

அக்டோபர் 11ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கடையில் பெண்களுக்கான மழை ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். கருநீல நிறம், எம் சைஸ், விலை 3,290 ரூபாய், ஜிபேயில் கட்டினேன். பில், பணம் போனதற்கான ஸ்கிரீன்ஷாட், ஜாக்கெட்டில் தொங்கிய அட்டை, ஈரம் இறங்கிய இடங்களின் போட்டோ எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அந்த ஜாக்கெட் மழையில் ஒழுகுகிறது. சும்மா ஈரம் கசிந்தது என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன், உள்ளே போட்டிருந்த சுடிதாரைப் பிழிந்து காயப்போடும் அளவுக்கு ஒழுகியது.

நான் மகளிர் குழுக்களுக்குக் கடன் ஏற்பாடு செய்யும் வேலையில் இருக்கிறேன். உசிலம்பட்டி, எழுமலை, உத்தப்பநாயக்கனூர் பக்கமுள்ள ஊர்களுக்கு ஸ்கூட்டியில்தான் போய்வருவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தாலும் குழுக் கூட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது, அந்தப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் அன்றைக்கே உங்கள் கடைப் பையனிடம் சொன்னேன். தீபாவளிக் கூட்டத்திலும் அவர் பொறுமையாக நான்கைந்து ஜாக்கெட் எடுத்துக் காட்டினார், அதை மறுக்கவில்லை. ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு பேன்ட்டும் கோட்டும் சேர்ந்த செட் இருந்தது, அதைத்தான் முதலில் கையில் எடுத்தேன். அவர்தான் "அக்கா, அது ரெண்டு மழைக்குக்கூட தாங்காது, இதை எடுங்க, வைகையில குதிச்சு எந்திரிச்சாலும் உள்ள நனையாது, பாக்கெட்ல பேப்பர்கூட வைக்கலாம்" என்றார். அட்டையிலும் நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப், 10,000 எம்.எம்., எல்லாத் தையலும் சீல் செய்யப்பட்டது என்று மூன்று வரி பெரிதாகப் போட்டிருந்தது. அதை நம்பித்தான் மூன்று மடங்கு விலை கொடுத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் உத்தப்பநாயக்கனூரில் கூட்டம் முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டியதும் மழை பிடித்தது. நல்ல மழைதான், ஆனால் ரோடே தெரியாத மழை இல்லை, நான் முப்பது முப்பத்தைந்து வேகத்துக்கு மேல் போகவும் இல்லை. சிறிது தூரத்திலேயே இரண்டு கை இடுக்கிலும் சில்லென்று ஏறியது. அப்புறம் ஜிப் வழியாக நெஞ்சுக்கு நேராக இறங்கி மடியில் தேங்கியது. கருமாத்தூரில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்பாக்கெட்டில் வைத்திருந்த விண்ணப்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கையெழுத்து மை ஊறிப் பரவிவிட்டது, பாஸ்போர்ட் போட்டோக்களைப் பிரித்தால் முகம் உரிந்து வருகிறது, குடும்ப அட்டை நகல்களைத் தொட்டாலே கிழிகிறது.

நான் நனைந்தது பெரிய விஷயமே இல்லை, துவட்டினால் காய்ந்துவிடும். அந்தப் பேப்பர்கள் வேறு பெண்களுடையவை. அவர்கள் திரும்பவும் போட்டோ எடுக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும். கறவை மாடு வாங்கக் கடன் கேட்டிருக்கும் ஒரு அம்மா, "என்னம்மா, நல்லா பத்திரமா வச்சிருப்பேன்னுதானே குடுத்தேன்" என்றார். திட்டக்கூட இல்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒரு அட்டையில் மூன்று வரி பொய்யாக அச்சடித்தால் அது எங்கே போய் யார் தலையில் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 25ஆம் தேதி ஜாக்கெட்டோடு உங்கள் கடைக்கு வந்தேன். நீங்கள் இல்லை. கல்லாவில் இருந்தவர் முதலில் அது வேர்வையாக இருக்கும் என்றார், பிறகு வண்டியில் போனால் எந்த ஜாக்கெட்டும் கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்றார், கடைசியில் பில்லைத் திருப்பி "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டினார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

வேர்வையாக இருந்தால் முதுகும் நனைந்திருக்கும். எனக்கு முதுகு நடுப்பகுதி காய்ந்தே இருந்தது. ஈரம் இருந்ததெல்லாம் கை இடுக்கிலிருந்து இடுப்புவரை போகும் பக்கவாட்டுத் தையல், முழங்கைக்குக் கீழே ஓடும் தையல், ஜிப், உள்பாக்கெட்டின் அடி, இவ்வளவுதான். போட்டோவைப் பாருங்கள், சுடிதாரில் ஈரம் கோடு போட்ட மாதிரி தையல் வழியே இறங்கியிருக்கிறது. வேர்வை கோடு பிடித்து வராது.

சந்தேகமே இருக்கக் கூடாது என்று வீட்டிலும் சோதித்தேன். ஜாக்கெட்டைத் துவைக்கவில்லை, தேய்க்கவில்லை, வாங்கியபோது இருந்தபடியேதான் இருக்கிறது. கையின் நுனியை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே ஒரு குடம் தண்ணீரில் பாதியை ஊற்றித் தொங்கவிட்டேன். துணியில் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. தையலில் மட்டும் வரிசையாக முத்து முத்தாக அரும்பிச் சொட்ட ஆரம்பித்தது. அதை வீடியோ எடுத்திருக்கிறேன், அதுவும் அனுப்பியிருக்கிறேன்.

பிறகு எங்கள் தெருவில் பை தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் உள்பக்கத்தைத் திருப்பி விரலால் தடவியே சொல்லிவிட்டார். தலைமூடியிலும் தோளிலும் மட்டும் தையலின் மேல் டேப் ஒட்டியிருக்கிறது. பக்கவாட்டிலும், கையிலும், பாக்கெட்டிலும், ஜிப் தைத்த இடத்திலும் டேப்பே கிடையாது. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓட்டை, அதன்மேல் டேப்பைச் சூடு வைத்து ஒட்டினால்தான் தண்ணீர் நிற்கும். ஒட்டியிருக்கும் இடத்திலும் இடது தோளில் கழுத்துப் பக்கம் டேப் ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து நிற்கிறது. ஜிப்பும் சாதாரண ஜிப், அதற்கு மேல் வரும் மடிப்பு ஒரு விரற்கடைகூட இல்லை, ஒட்டுவதற்கு வெல்க்ரோவும் இல்லை. வண்டியில் எதிர்காற்று அடித்தால் மழை அதற்குள் நேராகப் போகும். உட்காரும்போது மடியில் சுருக்கம் விழுந்து தண்ணீர் தேங்கும், அங்கேதான் பாக்கெட் தையலும் இருக்கிறது.

அந்த 10,000 எம்.எம். என்ற கணக்கையும் படித்துப் பார்த்தேன். துணியின் மேல் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், எவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்குகிறது என்று அளப்பது அது, 10,000 என்றால் பத்து மீட்டர் உயரம். அது துணிக்கு மட்டும் சொல்லும் அளவு. தையலுக்கும் ஜிப்புக்கும் அது பொருந்தாது. உங்கள் ஜாக்கெட்டின் துணி நல்ல துணிதான், நானே சோதித்ததால் சொல்கிறேன். ஆனால் நான் மீட்டர் கணக்கில் துணி வாங்க வரவில்லை, தைத்த ஜாக்கெட் வாங்க வந்தேன். எல்லாத் தையலும் சீல் செய்யப்பட்டது என்று அட்டையில் இருக்கிறது, ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் சீல் இல்லை. இதற்கு மழை வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், கடையிலேயே இதே மாடலில் ஒன்றை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

வண்டியில் போனால் கசியும் என்பது உண்மையானால் அதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். ஸ்கூட்டி ஓட்டத்தான் வாங்குகிறேன் என்று சொல்லித்தானே வாங்கினேன். தூறலுக்குத் தாங்கும், நடந்து போக நல்லது என்று சொல்லியிருந்தால் பேப்பர்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு டிக்கியில் வைத்திருப்பேன். பாக்கெட்டில் வைக்கலாம் என்று சொன்னது உங்கள் கடை.

கடைசியாக அந்த பில் வரி. பிடிக்கவில்லை, கலர் சரியில்லை என்று நான் திரும்ப வரவில்லை, பொருளில் குறை இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, நான் அதற்குள்தான் வந்தேன், இந்தக் கடிதமும் அதற்குள்தான். இல்லாத தன்மையை இருப்பதாக அட்டையில் போட்டு விற்பதும் அதே சட்டத்தில் வருகிறது. திரும்பப் பெறமாட்டோம் என்று நீங்களே ஒரு வரி அச்சடித்துக்கொண்டால் சட்டம் இல்லாமல் போய்விடாது. கம்பெனியிடம் போய்க் கேளுங்கள் என்று கல்லாவில் சொன்னார்கள், நான் பணம் கட்டியது உங்களிடம், பில் போட்டதும் நீங்கள்.

எனக்கு வேண்டியது 3,290 ரூபாய் முழுவதும், பணமாக. அதே மாடலில் வேறு ஜாக்கெட் வேண்டாம், அதிலும் இதே தையல்தான் இருக்கும். கடையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்ற கூப்பனும் வேண்டாம். நவம்பர் 10ஆம் தேதிக்குள் பணம் வந்த ஜிபே நம்பருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். ஜாக்கெட்டை அட்டையோடு நானே கொண்டுவந்து தருகிறேன், வேண்டுமானால் உங்கள் முன்னாலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறேன்.

கூடவே ஒன்று. இந்த மாடலை மழைக்காலம் முடியும்வரை அந்த அட்டையோடு விற்காதீர்கள். அன்றைக்கு என் பக்கத்திலேயே நின்று ஒரு அண்ணன் இதையே வாங்கினார், மேலூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவர் என்று பேச்சில் தெரிந்தது. அவரும் இதை நம்பித்தான் மழையில் வண்டி எடுப்பார். அவரைப் போல வாங்கிப் போனவர்கள் போன் நம்பர் எல்லாம் உங்கள் பில்லில் இருக்கும், கூப்பிட்டுச் சொல்லுங்கள். கடைப் பையன்களையும் திட்ட வேண்டாம், அட்டையில் இருந்ததைத்தான் அவர்களும் சொன்னார்கள், ஆனால் டேப் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பார்க்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

10ஆம் தேதிக்குள் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன், அதற்கும் சரிவரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமல் நானே போடலாம். அப்போது ஜாக்கெட் விலையோடு நிற்காது, பாழான விண்ணப்பங்களைத் திரும்பத் தயார் செய்த செலவையும் அந்தப் பெண்களின் கூலி இழப்பையும் சேர்த்தே கேட்பேன்.

என் பெயரும் போன் நம்பரும் பில்லிலேயே இருக்கின்றன. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பேன், காலையில் கூட்டங்களில் இருப்பேன்.

இப்படிக்கு,
அக்டோபர் 11 அன்று கருநீல ஜாக்கெட் வாங்கிய வாடிக்கையாளர்,
நாகமலை புதுக்கோட்டை